ஃபிரிட்ஜ் இல்லாத கடையில் முட்டைக்கு எத்தனை நாள்?

மே மாதத்தில் மதுரையிலோ திருச்சியிலோ ஒரு மளிகைக் கடையைக் கவனியுங்கள். பால் பாக்கெட், தயிர், வெண்ணெய் எல்லாம் ஃபிரிட்ஜுக்குள் இருக்கும். முட்டை மட்டும் அட்டை அட்டையாக வெளியே அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். வெளியே 38 டிகிரி, கடைக்குள் அதற்குக் கொஞ்சம் குறைவு. கடைக்காரரின் அலட்சியம் என்று சிலர் இதை நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நாமக்கல் பண்ணையிலிருந்து புறப்படும் முட்டை லாரியிலும் மொத்தக் கடையிலும் சில்லறைக் கடையிலும் பெரும்பாலும் குளிர்சாதனத்தைப் பார்ப்பதே இல்லை. முதன்முதலாக அது குளிரை உணர்வது நம் வீட்டு ஃபிரிட்ஜில்தான். பல வீடுகளில் அதுவும் கிடையாது.

இந்த வியாபாரம் தினமும் நடக்கிறது, பெரும்பாலான முட்டைகள் நல்லபடியாகவே தோசைக்கல்லுக்கு வந்து சேருகின்றன. எப்படி? எந்த இடத்தில் தவறுகிறது? வாங்குகிற நாம் எதைப் பார்க்க வேண்டும்? இதற்கு முதலில் ஓட்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி. இட்டவுடன் முட்டையும் அதே சூட்டில்தான் இருக்கும். ஆறத் தொடங்கியதும் உள்ளே இருப்பது சற்றுச் சுருங்கும். அந்த இடைவெளியை நிரப்ப, ஓட்டில் உள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியாக வெளிக்காற்று உள்ளே போகும். முட்டையின் அகன்ற முனையில் ஒரு சிறிய காற்றறை உருவாவது இப்படித்தான். அன்று முதல் அந்தத் துளைகள் வழியாக இரண்டு பொருள்கள் இடைவிடாமல் வெளியேறுகின்றன. ஒன்று ஈரம். இன்னொன்று, வெள்ளைக்கருவில் கரைந்திருக்கும் கரியமில வாயு.

ஈரம் போகப் போக எடை குறையும், காற்றறை பெரிதாகும். கரியமில வாயு போனால் விளைவு வேறு. வெள்ளைக்கருவின் காரத்தன்மை ஏறும். மஞ்சள்கருவைச் சுற்றிக் கட்டியாக நிற்கும் வெள்ளை நெகிழ்ந்து தண்ணீராகும். மஞ்சள்கருவை மூடியிருக்கும் மெல்லிய சவ்வும் தளரும். அதனால்தான் பழைய முட்டையைச் சட்டியில் உடைத்து ஊற்றினால் வெள்ளை நாலாபக்கமும் ஓடுகிறது, மஞ்சள் தட்டையாகப் படுத்துக்கொள்கிறது, கரண்டி பட்டதும் உடைகிறது.

இதெல்லாம் குளிரிலும் நடக்கும். ஆனால் மெதுவாக. வெப்பம் எவ்வளவு வேகப்படுத்துகிறது என்பதை 2005-ல் வெளியான ஒரு துருக்கி ஆய்வு தெளிவாகக் காட்டியது. வெள்ளைக்கருவின் கட்டித்தன்மையை அளக்க ‘ஹா அலகு’ என்று ஒரு அளவு உண்டு. முட்டையின் எடையையும், உடைத்து ஊற்றிய வெள்ளைக்கரு எவ்வளவு உயரமாக நிற்கிறது என்பதையும் வைத்துக் கணக்கிடுவது. அமெரிக்கத் தரப்பிரிப்பில் 72-ம் அதற்கு மேலும் இருந்தால் முதல் தரம். அந்த ஆய்வில் சுமார் 91-ல் இருந்த முட்டைகளைப் பத்து நாள் வைத்துப் பார்த்தார்கள். 5 டிகிரியில் வைத்தவை 76-ல் நின்றன. 21 டிகிரியில் வைத்தவை 54-க்கு இறங்கின. 29 டிகிரியில் வைத்தவை 41-க்குப் போய்விட்டன. 29 டிகிரி என்பது நம் ஊரில் நல்ல காற்றோட்டமான நாள். கோடையில் தகரக் கூரைக் கடைக்குள் இருக்கும் சூட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஒரு வித்தியாசத்தை மனதில் வைக்க வேண்டும். முட்டை முதுமை அடைவது வேறு, கெட்டுப்போவது வேறு. வெள்ளை நீர்த்துப்போன முட்டையைப் பொடிமாஸ் போட்டுச் சாப்பிடலாம், ஒன்றும் ஆகாது. கெட்டுப்போக வேண்டுமானால் கிருமி உள்ளே புகுந்து பெருக வேண்டும். அதைத் தடுக்க முட்டையிடமே பல காவல்கள் இருக்கின்றன. ஓட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு, கோழி இடும்போதே படிந்து, துளைகளை ஓரளவு அடைத்துவிடுகிறது. அதன் கீழே ஓடு, ஓட்டுக்குள் இரட்டைச் சவ்வு. அதையும் தாண்டி வரும் கிருமியை எதிர்க்க வெள்ளைக்கருவில் லைசோசைம் என்ற நொதி இருக்கிறது. கிருமி வளர இரும்புச்சத்து வேண்டும். அது கிடைக்காதபடி பிடித்து வைத்துக்கொள்ளும் புரதமும் வெள்ளைக்கருவில் உண்டு. மஞ்சள்கருவின் சவ்வு உறுதியாக இருக்கும்வரை இந்த ஏற்பாடு வேலை செய்யும். சவ்வு தளர்ந்து மஞ்சள்கருவின் சத்து வெளியே கசியத் தொடங்கினால் கிருமிக்கு உணவு கிடைத்துவிடும். ஆக, முதுமை நேரடியாகக் கேடு இல்லை என்றாலும் கேட்டுக்குக் கதவைத் திறந்துவிடுவது அதுதான். அந்தக் கதவு எத்தனை நாளில் திறக்கும் என்பதை வெப்பம் முடிவு செய்கிறது.

பண்ணை முட்டைக்கு இன்னொரு அனுகூலம் உண்டு. நாமக்கல் பண்ணைகளில் கூண்டில் வளரும் முட்டைக்கோழிகளோடு சேவல் இருப்பதில்லை. அந்த முட்டையில் கரு வளராது. சூட்டில் வைத்தாலும் குஞ்சு உருவாகத் தொடங்கி, பாதியில் செத்து அழுகும் ஆபத்து இல்லை. வெயில் நாட்டில் ஃபிரிட்ஜ் இல்லாமல் முட்டை விற்க முடிவதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம்.

சரி, வியாபாரி என்ன செய்கிறார்? முட்டையைப் பல நாள் காப்பாற்றி வைக்கும் ரகசியம் ஏதும் அவரிடம் இல்லை. அவருடைய ஃபிரிட்ஜ், சரக்கு ஓடும் வேகம்தான்.

ஒரு பெட்டி முட்டையை எடுத்துக்கொள்வோம். ஒரு அட்டைக்கு 30 முட்டை, ஏழு அட்டை ஒரு பெட்டி, மொத்தம் 210. திங்கட்கிழமை காலையில் நாமக்கல் பக்கத்துப் பண்ணை ஒன்றில் இட்ட முட்டைகள் இவை என்று வையுங்கள். பண்ணையில் பொறுக்கி, விரிசல் விட்டதையும் ஓடு மெலிந்ததையும் ஒதுக்கி அட்டையில் அடுக்குகிறார்கள். மாலையில் வெயில் தாழ்ந்ததும் லாரியில் ஏற்றி, இரவோடு இரவாக ஓட்டினால் செவ்வாய் காலை மதுரையில் மொத்தக் கடை. புதன்கிழமை அதிலிருந்து இரண்டு சில்லறைக் கடைகளுக்குப் போகிறது.

முதல் கடை பரோட்டாக் கடைகளும் குடியிருப்புகளும் சூழ்ந்த தெருவில் இருக்கிறது. ஒரு நாளைக்கு மூன்று அட்டை ஓடும். அவர் மூன்று அட்டைதான் வாங்குகிறார். புதன் இரவே தீர்ந்துவிடுகிறது. அவரிடம் கடைசியாக வாங்கியவருக்கும் கிடைப்பது இரண்டு நாள் முட்டை. இரண்டாவது கடையில் ஒரு நாளைக்கு அரை அட்டை, அதாவது 15 முட்டைதான் விற்கும். ஆனால் விலை ஏறப்போகிறது என்று கேள்விப்பட்டு அவர் நான்கு அட்டை எடுத்துவிட்டார். 120 முட்டை தீர எட்டு நாள் ஆகும். கடைசி முட்டை அடுத்த புதன்கிழமை விற்கும்போது அதற்கு வயது ஒன்பது நாள். அதில் ஏழு நாள் கடைச் சூட்டில். வாங்கிய வீட்டில் இன்னும் நான்கைந்து நாள் சமையலறை அலமாரியில் கிடந்தால் பதினான்கு நாள் ஆகிவிடும். ஒரே பண்ணை, ஒரே லாரி, ஒரே விலை. ஆனால் முட்டை ஒன்றல்ல.

சின்ன லாபத்தில் நடக்கும் தொழில் இது. கணக்கு எளிதாக இருப்பதற்காக ஒரு முட்டையை 6 ரூபாய்க்கு வாங்கி 40 பைசா வைத்து விற்பதாகக் கொள்வோம். ஒரு முட்டை கெட்டால் அதன் அடக்க விலையை ஈடுகட்ட 15 முட்டை விற்க வேண்டும். அட்டைக்கு இரண்டு முட்டை போனால் அந்த அட்டையின் லாபம் மொத்தமும் போயிற்று. அதனால் விஷயம் தெரிந்த கடைக்காரர் விலையைவிட நாளைத்தான் எண்ணுவார். அட்டையின் ஓரத்தில் பால்பாயின்ட் பேனாவால் ‘புத’, ‘வெள்’ என்று வந்த கிழமையைக் குறித்து வைக்கும் கடைகள் இருக்கின்றன. அந்தக் கிறுக்கலைப் பார்த்தால் அங்கே தயங்காமல் வாங்கலாம் என்பது என் கருத்து.

வேகத்தைக் கெடுக்கும் பழக்கம் ஒன்று உண்டு. பாதி காலியான அட்டையில் புது முட்டைகளை எடுத்து நிரப்புவது, அல்லது பழைய அட்டைக்கு மேலேயே புது அட்டையை வைப்பது. பார்க்க நிறைவாக இருக்கும். ஆனால் மேலே இருப்பதுதான் தினமும் விற்கும், அடியில் கிடப்பது அடியிலேயே கிடக்கும். பத்து நாள் கழித்து ஒருவர் வீட்டில் ஒன்று நாறும். கடைக்காரருக்கு எது எந்த நாள் சரக்கு என்றே தெரியாது. பழைய அட்டை தீர்ந்த பிறகே புது அட்டையைத் தொடுவது என்ற ஒரே ஒழுங்கு, செலவில்லாமல் பாதிப் புகார்களை இல்லாமல் ஆக்கிவிடும்.

அடுத்தது வைக்கும் விதம். முட்டையின் கூர்முனை கீழே, அகன்ற முனை மேலே இருக்கும்படி அட்டையில் நிறுத்த வேண்டும். நாளாக ஆக வெள்ளை நீர்த்து, மஞ்சள்கரு மேல்நோக்கி மிதக்கும். காற்றறை மேலே இருந்து, அதன் சவ்வு இறுக்கமாக இருந்தால் மஞ்சள்கரு நடுவிலேயே நிற்கும். தலைகீழாக நிறுத்தினால் காற்றறையின் சவ்வு ஓட்டிலிருந்து பிரிந்துபோகவும், மஞ்சள்கரு ஓட்டுப்பக்கம் போய் ஒட்டிக்கொள்ளவும் வாய்ப்பு அதிகம். பண்ணையில் சரியாகத்தான் அடுக்குகிறார்கள். கடையில் மாற்றி அடுக்கும்போதுதான் முனை மாறுகிறது.

இடமும் முக்கியம். வாசலில், காலை வெயில் நேராக அடிக்கும் இடத்தில், வருகிறவர் கண்ணில் படட்டும் என்று முட்டையை வைப்பது பழக்கமாகிவிட்டது. இரண்டு மணி நேர வெயில் முட்டையின் சூட்டை அறைச் சூட்டைவிட மேலே ஏற்றிவிடும். அதைவிடக் கவனிக்கப்படாத தவறு, ஐஸ்கிரீம் பெட்டிக்குப் பின்னாலோ ஃபிரிட்ஜின் மேலேயோ அட்டைகளை அடுக்குவது. அந்தக் கருவிகள் உள்ளே குளிர்வித்து வெளியே தள்ளும் அனல் முழுவதும் முட்டையின் மேல் வீசும். பின்சுவர் நிழலில், தரையிலிருந்து சற்று உயரமான பலகையில், காற்று நுழையும்படி அடுக்குவதே நல்லது. மண்ணெண்ணெய், கருவாடு, வெங்காய மூட்டை பக்கத்தில் வேண்டாம். காற்று போய்வரும் துளை வழியாக வாடையும் போகும்.

வறண்ட வெயில் அடிக்கும் நாமக்கல், மதுரை, வேலூர் போன்ற ஊர்களில் முட்டை வைக்கும் மூலைக்கு முன்னால் நனைத்த சாக்குத் திரை தொங்கவிட்டால் பலன் உண்டு. தண்ணீர் ஆவியாகும்போது காற்றின் சூடு தணியும், காற்றில் ஈரம் இருப்பதால் முட்டையின் எடை இழப்பும் குறையும். ஆனால் சாக்கு முட்டையில் படக் கூடாது, சொட்டக் கூடாது. சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் காற்றே புழுக்கமாக இருப்பதால் இந்த வழி அவ்வளவாக எடுபடாது. அங்கே காற்றோட்டம் மட்டுமே உதவும். நனைந்த அட்டைதான் அங்கே எதிரி. காகிதக்கூழால் செய்த அட்டை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பூஞ்சை பிடிக்கும், அந்தப் பூஞ்சை ஓட்டின் துளைக்குள் இறங்கும். மழைக்காலத்தில் கறுப்புப் புள்ளி விழுந்த அட்டையில் இருக்கும் முட்டையை விலை குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

முட்டையைக் கழுவலாமா என்று பலர் கேட்பதுண்டு. ஃபிரிட்ஜ் இல்லாமல் வைக்கும் முட்டையைக் கழுவக் கூடாது. கழுவினால் மேல்பூச்சு போய்விடும். சூடான முட்டையைக் குளிர்ந்த நீரில் போட்டால் உள்ளே இருப்பது சுருங்கி, அழுக்குத் தண்ணீரைத் துளை வழியாக உள்ளே இழுக்கவும் செய்யும். அமெரிக்காவில் பண்ணை முட்டையைக் கழுவுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் கழுவிய பிறகு அங்கே சுமார் 7 டிகிரிக்கு மேல் சூடு ஏறாமல் குளிர்சாதனத்தில் வைக்க வேண்டும் என்பது விதி. ஐரோப்பிய ஒன்றியத்தில் கடையில் விற்கும் முதல் தர முட்டையைக் கழுவவே பொதுவாக அனுமதியில்லை. குளிரோடு சேர்ந்த வழி ஒன்று, குளிரில்லாத வழி ஒன்று. நம்முடையது இரண்டாவது. எச்சம் ஒட்டியிருந்தால் உலர்ந்த துணியால் மெல்லத் துடைத்தால் போதும். ரொம்ப அழுக்கானதை வாங்காமல் விடுவது அதைவிட நல்லது.

துளையை அடைத்துவிட்டால் ஈரமும் வாயுவும் போகாதே என்று யோசித்து வந்த முறைகளும் உண்டு. நிறமும் மணமும் இல்லாத, உணவுக்கு ஏற்ற கனிம எண்ணெயை மெல்லிய படலமாகப் பூசுவது ஒன்று. தெளிந்த சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து உலர்த்துவது இன்னொன்று. இரண்டுமே பலன் தருபவை. ஆனால் முட்டை இட்ட ஓரிரு நாளுக்குள் செய்தால்தான் உண்டு. நாளான முட்டைக்கு எண்ணெய் பூசினால் அது பளபளக்கும், இளமை திரும்பாது. சமையல் எண்ணெயைப் பூசினால் சில நாளில் சிக்கு வாடை வரும். தினமும் சரக்கு ஓடும் கடைக்கு இதெல்லாம் தேவைப்படாது. சந்தை கூடாத, லாரி போகாத மலைக்கிராமத்தில் பத்துக் கோழி வைத்திருப்பவருக்கு வேண்டுமானால் உதவும்.

வருடத்தில் சில வாரங்களில் வேகம் தானாகவே குறைந்துவிடுகிறது. புரட்டாசியில் பல வீடுகளில் முட்டை நின்றுவிடும். கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டவர் வீடுகளிலும் அப்படியே. வாங்குவோர் குறைந்தாலும் கோழி இடுவதை நிறுத்தாது. பண்ணையில், மொத்தக் கடையில், சில்லறைக் கடையில் என்று ஒவ்வொரு இடத்திலும் ஒன்றிரண்டு நாள் கூடுதலாகத் தங்கும். விலை இறங்கும். விலை இறங்கியதே என்று இரண்டு அட்டை வாங்கி வைக்கும் நேரம் இதுவல்ல. தேவைக்கு மட்டும் வாங்க வேண்டிய நேரம் இது. கோடையில் வேறொரு சிக்கல் வருகிறது. வெக்கை தாங்காமல் கோழி வாயைத் திறந்து மூச்சிரைக்கும்போது உடலிலிருந்து கரியமில வாயு அதிகம் போய்விடுகிறது. ஓடு கட்டத் தேவையான மூலப்பொருள் குறைகிறது. தீனி எடுப்பதும் குறைகிறது. ஓடு மெலிந்து, விரிசல் விழும் முட்டைகள் கூடுகின்றன. மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. கிருமிக்கு அந்த வழி போதும்.

நாட்டுக்கோழி முட்டை தனிக் கதை. இரண்டு மடங்கு விலை கொடுத்து நம்பிக்கையோடு வாங்குகிறோம், ஆனால் வெயில் காலத்தில் அதிகம் ஏமாற்றுவதும் அதுதான். காரணம், சேவலோடு திரியும் கோழி. முட்டையில் கரு கூடியிருக்கும். சுமார் 21 டிகிரிக்குக் கீழே இருந்தால் அந்தக் கரு வளராமல் உறங்கும். 30, 35 டிகிரியில் மெல்ல விழித்து வளரத் தொடங்கும், அடைகாக்கும் சூடு சீராகக் கிடைக்காததால் நடுவில் செத்துவிடும். செத்த கருவோடு சூட்டில் கிடக்கும் முட்டைதான் பிறகு கூமுட்டை ஆகிறது. தவிர, விற்க வருபவர் ஒரே நாளில் இட்ட முட்டையைக் கொண்டுவருவதில்லை. நான்கு வீட்டில் ஒவ்வொன்றாகச் சேர்த்து, அரிசிப் பானையிலோ கம்புக் கூடையிலோ போட்டு வைத்து, பத்து இருபது சேர்ந்த பிறகுதான் சந்தைக்கு வருகிறார். தானியத்துக்குள் வைத்தால் முட்டை உடையாது, வெயில் படாது. ஆனால் நாள் நிற்காது. வாங்கும்போது, “என்னைக்கு இட்டதும்மா இது?” என்று கேளுங்கள். “நேத்து இட்டது” என்று இருபது முட்டைக்கும் சேர்த்துப் பதில் வந்தால், வீட்டில் எத்தனை கோழி என்று அடுத்ததாகக் கேளுங்கள். மூன்று கோழி ஒரே நாளில் இருபது முட்டை இடாது.

இந்த முட்டையை வெளிச்சத்தில் பார்ப்பதுதான் நம்பகமான வழி. இருட்டான அறையில் செல்போன் டார்ச்சை எரியவிட்டு, முட்டையின் அகன்ற முனையை அதன் மேல் வைத்துக் கைவிரல்களால் சுற்றி மூடிக்கொள்ளுங்கள். உள்ளே சிவந்த மஞ்சளாக ஒளிரும். மேல்முனையில் வட்டமாகத் தெரிவது காற்றறை. புது முட்டையில் அதன் ஆழம் சுமார் 3 மில்லிமீட்டர்தான் இருக்கும், ஒரு விரல் நகத்தின் நுனி அளவு. அது முட்டையின் கால்பங்கை எட்டியிருந்தால் ரொம்ப நாளானது. மெல்லத் திருப்பும்போது மஞ்சள்கருவின் நிழல் மங்கலாக நடுவில் நின்றால் நல்லது. கறுத்த நிழலாக ஓட்டை ஒட்டி வழுக்கிக்கொண்டு போனால் வெள்ளை நீர்த்துவிட்டது. மெல்லிய சிவப்பு நரம்புகள் வலையாகத் தெரிந்தால் கரு வளர்ந்திருக்கிறது. மொத்தமும் கறுப்பாக, ஒளி நுழையாமல் இருந்தால் தூர எறிந்துவிட வேண்டியதுதான். வெள்ளை ஓட்டில் இது தெளிவாகத் தெரியும். பழுப்பு ஓட்டில் கொஞ்சம் பழக வேண்டும்.

கடையில் டார்ச் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அங்கே முதலில் முட்டையைப் பார்க்காதீர்கள், கடையைப் பாருங்கள். எத்தனை அட்டை இருக்கிறது, எவ்வளவு விற்கிறது, எந்த இடத்தில் வைத்திருக்கிறார் என்பதே பாதி விடை. “அண்ணே, அடுத்த லோடு எப்ப வரும்?” என்று கேட்டால் சரக்கின் வேகம் தெரிந்துவிடும். நாளைக்கே வரும் என்றால் நல்ல கடை. அடுத்த வாரம் என்றால் யோசியுங்கள். பிறகு முட்டையைக் கையில் எடுங்கள். ஈரமாக இருந்தால் வேண்டாம். இரண்டு முட்டைகளை மெல்ல ஒன்றோடொன்று தட்டினால் நல்ல ஓடு கணீரென்று ஒலிக்கும், விரிசல் விட்டது மொத்தென்று ஒலிக்கும். காதருகே வைத்து ஆட்டும்போது உள்ளே தளும்பினால் நாளாகிவிட்டது. பெட்டியில் அடைத்து வரும் பிராண்ட் முட்டை என்றால் தேதி இருக்கும், ஆனால் அது பெரும்பாலும் பெட்டியில் அடைத்த தேதி. கோழி இட்ட தேதி அதற்கு முன்பு.

வீட்டுக்கு வந்த பிறகு தண்ணீர்ச் சோதனை எல்லோருக்கும் தெரிந்தது. புதியது அடியில் படுக்கும், சற்று நாளானது ஒரு முனை தூக்கி நிற்கும், ரொம்பப் பழையது மிதக்கும். இது அளப்பது காற்றறையை, அதாவது வயதை. மூழ்கியது என்பதற்காகக் கிருமி இல்லை என்று அர்த்தமில்லை. சமைக்கும் நேரத்தில் மட்டும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள், தண்ணீரில் போட்ட முட்டையை எடுத்து மறுபடி அலமாரியில் வைக்காதீர்கள். எப்படியானாலும் ஒவ்வொரு முட்டையையும் நேராகச் சட்டியில் உடைக்காமல் தனிக் கிண்ணத்தில் உடைத்து முகர்ந்து பிறகு சேர்ப்பதே நல்லது. ஆறாவது முட்டை கூமுட்டையாக இருந்தால் மற்ற ஐந்தும் தப்பிக்கும். வெள்ளைக்கரு சற்றுக் கலங்கலாக இருந்தால் பயப்படாதீர்கள். கரியமில வாயு இன்னும் போகவில்லை, அது புது முட்டையின் அடையாளம்.

சில ஆண்டுகளாகச் சுற்றிவரும் ‘பிளாஸ்டிக் முட்டை’ பீதிக்கும் இங்கேதான் வேர். நீர்த்து ஓடும் வெள்ளை, உடைந்து கலக்கும் மஞ்சள், காய்ந்து காகிதமாக உரிந்துவரும் உள்சவ்வு ஆகியவற்றைப் படம் பிடித்துப் போலி முட்டை என்று பரப்புகிறார்கள். பிளாஸ்டிக் முட்டை என்பது கட்டுக்கதை என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே விளக்கம் கொடுத்துவிட்டது. அந்தப் படங்களில் இருப்பது பெரும்பாலும் வெயிலில் அதிக நாள் கிடந்த சாதாரண முட்டை. அந்தக் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி, இது எத்தனை நாள் சரக்கு என்பதுதான்.

மணம், மிதப்பு, வெளிச்சம் எதிலும் சிக்காத ஒன்று சால்மொனெல்லா. அது ஓட்டின் மேலும் இருக்கலாம், நோயுற்ற கோழியிடமிருந்து முட்டைக்குள்ளேயே வரவும் செய்யலாம். முட்டை பார்க்க, முகர நன்றாகவே இருக்கும். இதற்கு ஒரே தீர்வு வெள்ளையும் மஞ்சளும் இரண்டும் கெட்டியாகும்வரை வேகவைப்பது. நம் ஊர் ஹாஃப் பாயிலை நானும் விரும்பிச் சாப்பிடுகிறவன். ஆனால் கோடையில், எப்போது வந்த முட்டை என்று தெரியாத தள்ளுவண்டியில், குழந்தைக்கோ கர்ப்பிணிக்கோ வயதானவருக்கோ அதை வாங்கிக் கொடுக்க மாட்டேன். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை போட்டதும் இதே அபாயத்தைக் கருதித்தான்.

வீட்டில் ஃபிரிட்ஜ் இருந்தால் வாங்கி வந்ததும் உள்ளே வையுங்கள், கதவில் இல்லாமல் உள்தட்டில். கதவைத் திறக்கும்போதெல்லாம் அங்கேதான் சூடு ஏறி இறங்கும். ஒருமுறை குளிரில் வைத்ததைச் சமைக்க எடுக்கும்வரை வெளியே எடுக்காதீர்கள். குளிர்ந்த முட்டையைப் புழுக்கத்தில் வைத்தால் ஓட்டில் வேர்த்துவிடும், அந்த ஈரத்தில் மேலிருக்கும் கிருமி துளை வழியாக இறங்கும். சில கடைகளில் இரவு ஃபிரிட்ஜில் வைத்துக் காலையில் வாசலில் அடுக்குவதைப் பார்க்கலாம். முழுக்க வெளியே, நிழலில் இருக்கும் முட்டையைவிட அது மோசம். காலையில் கடைக்குப் போகும்போது முட்டையில் வேர்வை முத்துக்கள் தெரிந்தால் வேறு கடைக்குப் போங்கள். ஃபிரிட்ஜ் இல்லாத வீடு என்றால் கோடையில் மூன்று நாள் தேவைக்குமேல் வாங்க வேண்டாம். மற்ற மாதங்களில் ஒரு வாரத்துக்கு வாங்கலாம்.